‘எனக்கு’ இருப்பதும் ‘என்கிட்ட’ இருப்பதும்: கோவில்பட்டி வட்டாரக் கரிசல் வழக்கில் உடைமைத் தொடர்கள்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவர் ஒன்றை உடையவராக இருத்தலைத் தனியொரு வினைச்சொல்லால் கூறாமல், இருத்தல் வினையோடு வேற்றுமை உருபைச் சேர்த்துக் கூறும் மொழிகளுள் தமிழும் ஒன்று. தமிழில் இதற்கு நான்காம் வேற்றுமைத் தொடர் (எனக்கு இருக்கிறது), இடப்பொருள் வேற்றுமைத் தொடர் (என்னிடம் இருக்கிறது) என இரு வாயில்கள் உள்ளன. முன்னது நிலைத்த உடைமையையும் பின்னது தற்காலிக உடைமையையும் குறிக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் மானாவாரிப் பகுதியின் பேச்சு வழக்கை அடிப்படையாகக் கொண்டு, கால அளவைச் சார்ந்த அவ்விளக்கம் போதாது என்றும், உரிமைக்கும் கையாட்சிக்கும் இடையிலான வேறுபாடே இரு தொடர்களையும் பிரிக்கிறது என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. நிலக் கணக்கெடுப்பு வினாக்களில் இவ்வேறுபாடு உண்டாக்கும் விளைவும் ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: பயனிலை உடைமை, நான்காம் வேற்றுமை, இடப்பொருள், கையாட்சி, கரிசல் வழக்கு, குத்தகை, ஒத்தி.

1. முன்னுரை

‘என் நிலம்’ என்பது பெயரடைத் தொடர். அங்கு உடைமை முன்பே தெரிந்த செய்தியாகக் கொள்ளப்படுகிறது. ‘எனக்கு நிலம் இருக்கிறது’ என்பது கூற்று. அங்கு உடைமையே சொல்லப்படும் செய்தி. பின்னதை மொழியியலார் பயனிலை உடைமை என்பர். உலக மொழிகளின் அமைப்புகளைத் தொகுத்த நிலப்பட நூலில் 240 மொழிகளை ஆராய்ந்த லியோன் ஸ்டாசென், உடைமை கூறும் முறைகளை ஐந்தாகப் பிரித்தார். அவற்றுள் ‘உடையன்’ என்னும் பொருள்தரும் செயப்படுபொருள் குன்றா வினையைப் பயன்படுத்தும் மொழிகள் 63 மட்டுமே. ஏனைய 177 மொழிகள் இருத்தல் தொடர்களைப் பல வகையில் அமைத்து இப்பொருளைக் கூறுகின்றன. பிரெஞ்சு மொழியியலார் எமில் பெண்வெனிஸ்ட் 1960இல் எழுதிய கட்டுரையொன்றில், உடைமை வினை உலக மொழிகளில் அருகியே காணப்படுவது என்றும், ‘ஒருவருக்கு இருத்தல்’ என்னும் அமைப்பே பெருவழக்கு என்றும் காட்டினார். எனவே தமிழில் உடைமை வினை இல்லாமையைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. ஒரே இருத்தல் வினையை வைத்துக்கொண்டு உடைமையின் வகைகளைத் தமிழ் எவ்வாறு பிரித்துக் காட்டுகிறது என்பதே ஆராயத்தக்க வினா.

இவ்வினாவை ஆராயக் கோவில்பட்டி வட்டாரம் பொருத்தமான களம். வடகிழக்குப் பருவமழையை நம்பிய கரிசல் காட்டில் நிலமும் கால்நடையும் உரியவரிடமே எப்போதும் இருப்பதில்லை. குத்தகை, வாரம், ஒத்தி என்னும் ஏற்பாடுகளால் ஒருவருக்கு உரியது மற்றொருவர் கையில் இருப்பது இங்கு அன்றாட நிகழ்வு. உரிமையும் கையாட்சியும் பிரிந்து நிற்கும் இத்தகைய சூழலில்தான் இரு தொடர்களின் வேறுபாடும் வெளிப்படையாகத் தெரியும். கரிசல் வட்டாரச் சொற்களைக் கி. ராஜநாராயணன் அகராதியாகத் தொகுத்தளித்துள்ளார். சொல்லகராதியில் அடங்காத தொடரமைப்பை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்காட்டுகள் இவ்வட்டார வழக்கைத் தாய்வழக்காகக் கொண்ட கட்டுரையாளரின் மொழியறிவிலிருந்து தரப்படுகின்றன. வழக்கில் ஏலாத தொடர்கள் உடுக்குறியிட்டுக் காட்டப்படுகின்றன.

2. ‘உடை’ என்னும் சொல்லின் நிலை

தமிழில் உடைமை வினை இல்லை என்று கூறும்போது ‘உடை’ என்னும் அடியை விட்டுவிட இயலாது. உடையேன், உடையை, உடையான் எனத் திணை, பால், இடம் காட்டி முற்றாக வரும் வடிவங்கள் பழந்தமிழில் உள்ளன. ஆயினும் இவை காலத்தை வெளிப்படையாகக் காட்டாத குறிப்புவினைகள். ‘நேற்று உடையேன், நாளை உடையேன்’ என்னும் வேறுபாட்டை இவ்வடியின் வடிவத்திலேயே காட்ட இயலாது. இன்றைய பேச்சு வழக்கில் இம்முற்றுகள் வழங்குவதில்லை. எழுத்து வழக்கிலும் ‘திறமை உடையவர்’, ‘என்னுடைய’ போன்ற வடிவங்களிலேயே இவ்வடி எஞ்சியுள்ளது. எனவே காலம் காட்டித் தெரிநிலை வினையாக இயங்கும் உடைமை வினை இன்றைய தமிழில் இல்லை என்று வரையறுத்துக் கூறுவதே பொருந்தும்.

3. இரு வாயில்கள்

பின்வரும் தொடர்களை நோக்குக.

(1) எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு.
(2) என்கிட்ட நூறு ரூபா இருக்கு.

இரண்டிலும் வினை ஒன்றே. (1)இல் உடையவர் நான்காம் வேற்றுமையிலும், (2)இல் இடப்பொருளிலும் வருகின்றனர். எழுத்து வழக்கின் ‘இடம்’ என்னும் உருபுக்கு நிகராகப் பேச்சில் ‘கிட்ட’ வருகிறது. ‘கிட்ட வா’ என்னும் வழக்கில் அருகு என்னும் பொருளில் வரும் அதே சொல் இது. அருகாமைச் சொல் உடைமைக்கு வருவது தமிழுக்கு மட்டும் உரிய இயல்பன்று. தெலுங்கின் ‘நா தக்கர’, கன்னடத்தின் ‘நன்ன ஹத்திர’, இந்தியின் ‘மேரே பாஸ்’ ஆகியவற்றிலும் அருகு என்னும் சொல்லே இப்பணியைச் செய்கிறது. கோவில்பட்டி வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் குடும்பங்கள் பல. அவர்களுக்கும் ‘நாக்கு’ (எனக்கு), ‘நா தக்கர’ (என்கிட்ட) என்னும் இதே இருமை தாய்மொழியிலேயே அமைந்துள்ளது.

இத்தொடர்களின் இலக்கணப் பண்புகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. முதலாவது, வினை உடையவரோடு இயையாமல் உடைமைப் பொருளோடு இயைகிறது. ‘எனக்கு இரண்டு மகன்கள் இருக்கிறார்கள்’ என்பதில் வினைமுற்று மகன்களுக்கு ஏற்பப் பலர்பால் ஆகிறது. இரண்டாவது, நான்காம் வேற்றுமைத் தொடரில் வினை இன்றியும் கூற்று நிறைவு பெறும். ‘எனக்கு ரெண்டு பிள்ளைக’ என்பது முழுமையான கூற்று. ‘என்கிட்ட நூறு ரூபா’ என்பதோ ‘எவ்வளவு இருக்கு?’ என்னும் வினாவுக்கு விடையாக வந்தாலன்றி நிறைவு பெறுவதில்லை.

4. கால அளவு விளக்கமும் அதன் குறையும்

நான்காம் வேற்றுமை நிலைத்த உடைமையையும், இடப்பொருள் தற்காலிக உடைமையையும் குறிக்கும் என்னும் விளக்கம் முதல் நோக்கில் பொருந்துவதாகவே தோன்றும். பிள்ளைகள் என்றும் உள்ள உறவினர், பணம் வந்துபோவது. ஆனால் பின்வரும் தொடர்கள் அவ்விளக்கத்துக்கு அடங்குவதில்லை.

(3) எனக்குக் காய்ச்சல் இருக்கு.
(4) *என்கிட்ட காய்ச்சல் இருக்கு.

இரண்டு நாளில் தணியும் காய்ச்சல் நிலைத்ததன்று. ஆயினும் நான்காம் வேற்றுமையே அதற்கு உரியது. மறுதலையாக, இருபது ஆண்டுகளாக ஒரே நிலத்தைக் குத்தகைக்கு உழுபவரும் ‘அந்த நெலம் என்கிட்ட இருக்கு’ என்றே கூறுவார். ஆண்டுகள் கூடுவதால் ‘என்கிட்ட’ என்பது ‘எனக்கு’ ஆகிவிடுவதில்லை. எனவே இத்தொடர்களைப் பிரிக்கும் அளவுகோலாகக் காலத்தைக் கொள்ள இயலாது.

உண்மையான அளவுகோலைத் தரகர் பேச்சு காட்டுகிறது.

(5) எனக்கு ரெண்டு வீடு இருக்கு.
(6) என்கிட்ட ரெண்டு வீடு இருக்கு, பாக்குறீங்களா?

(5) வீட்டுக்கு உரியவர் கூற்று. (6) வீட்டுத் தரகர் கூற்றாகவே பெரும்பாலும் கொள்ளப்படும். தரகருக்கு அவ்வீடுகளில் உரிமை இல்லை. அவற்றைக் காட்டவும் பேசி முடிக்கவும் வழி மட்டுமே அவர் கையில் உள்ளது. உறவுப் பெயர்களிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். ‘எனக்கு ரெண்டு பிள்ளைக’ என்பவர் பெற்றவர். ‘என்கிட்ட நாப்பது பிள்ளைக இருக்கு’ என்பவர் ஆசிரியர். பிள்ளைகள் என்னும் சொல் மாறவில்லை. உருபு மாறியதும் பெற்றவர் பொறுப்பாளர் ஆகிவிடுகிறார்.

ஆகவே நான்காம் வேற்றுமைத் தொடர் உடையவருக்கும் பொருளுக்கும் இடையிலான உரிமை, உறவு, உறுப்பு, உற்ற நிலை ஆகிய பிணைப்பைக் கூறுகிறது. இடப்பொருள் தொடர் பொருள் யார் கைக்குள், யார் பொறுப்பில், யார் கையாளத்தக்கதாக உள்ளது என்பதைக் கூறுகிறது. இதனை இக்கட்டுரை கையாட்சி என்று வழங்குகிறது. காய்ச்சல் கையாளத்தக்க பொருளன்று. அது ஒருவருக்கு உற்றது. எனவேதான் (3) ஏற்கப்படுகிறது, (4) ஏற்கப்படுவதில்லை.

5. சான்று தரும் சோதனைகள்

இம்முடிவை இரு சோதனைகளால் உறுதிப்படுத்தலாம். முதலாவது சுட்டுச் சோதனை. முன்பே அறிந்த, சுட்டப்பட்ட பொருள் ஒன்றை இரு தொடர்களிலும் வைத்துப் பார்க்க.

(7) அந்தச் சாவி என்கிட்ட இருக்கு.
(8) *அந்தச் சாவி எனக்கு இருக்கு.
(9) என் சாவி அவங்கிட்ட இருக்கு.

(8) ஏலாததற்குக் காரணம் உண்டு. நான்காம் வேற்றுமைத் தொடர் ஒருவருக்கு இன்ன வகைப் பொருள் உண்டு என்று பிணைப்பையே புதிதாக அறிவிக்கிறது. சுட்டப்பட்ட சாவியின் இருப்பு முன்பே அறியப்பட்டதாதலால் அங்கு அறிவிக்க ஒன்றுமில்லை. அச்சாவி யாருக்கு உரியது என்று சொல்ல விரும்பினால் ‘அந்தச் சாவி என்னுடையது’ என்று வேறு தொடரை நாட வேண்டும். (7) சாவி இப்போது யார் கையில் உள்ளது என்று கூறுவதால் இடரின்றி அமைகிறது. (9)இல் உரிமை ஆறாம் வேற்றுமைப் பொருளில் ‘என்’ என்று வர, கையாட்சி ‘அவங்கிட்ட’ என்று தனியே வருகிறது. உரியவரும் கையாள்பவரும் ஒரே தொடரில் வேறு வேறாக நிற்பது இவ்விரண்டும் வெவ்வேறு பொருண்மைகள் என்பதற்குத் தெளிவான சான்று.

இரண்டாவது உறுப்புச் சோதனை. உறுப்பு உடையவனிலிருந்து பிரித்துக் கையாளப்படுவதன்று. எனவே அது நான்காம் வேற்றுமையையே ஏற்க வேண்டும், அவ்வாறே ஏற்கிறது.

(10) அந்த மாட்டுக்கு ஒத்தக் கொம்புதான் இருக்கு.
(11) *அந்த மாட்டுகிட்ட ஒத்தக் கொம்புதான் இருக்கு.

அஃறிணைப் பொருள்களில் ‘கிட்ட’ என்பதற்கு மாற்றாக ‘இல்’ உருபு வரும். அங்கும் வேறுபாடு மாறுவதில்லை. ‘கெணத்துக்குப் படி இல்ல’ என்பது கிணற்றின் அமைப்பில் உள்ள குறையைக் கூறுகிறது. ‘கெணத்துல தண்ணி இல்ல’ என்பது கிணற்றுள் இருக்க வேண்டியது இல்லாமையைக் கூறுகிறது. படி கிணற்றின் உறுப்பு. தண்ணீர் அதனுள் வந்துபோவது.

தமிழ் மரபிலக்கணத்தில் இதற்கு அடிப்படை உண்டு. நன்னூல் ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பகுத்து, பண்பு, உறுப்பு முதலியவற்றைத் தற்கிழமையிலும், பொருள், இடம், காலம் ஆகியவற்றைப் பிறிதின்கிழமையிலும் அடக்குகிறது. நான்காம் வேற்றுமைப் பொருள்களுள் ‘முறை’ என்பதையும் அது எண்ணுகிறது. உறவு முறை நான்காம் வேற்றுமைக்கு உரியது என்பதை நன்னூலார் கண்டிருந்தார் என்பது இதனால் விளங்கும். பிறிதின்கிழமைப் பொருள்களே பயனிலையில் ‘எனக்கு’, ‘என்கிட்ட’ என்னும் இரு வாயில்களையும் ஏற்கின்றன என்பதை இன்றைய வழக்கிலிருந்து நாம் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். நிலமும் கால்நடையும் அத்தகையன.

6. கரிசல் நிலமும் கணக்கெடுப்பு வினாவும்

ஒத்தி என்பது கடனுக்கு ஈடாக நிலத்தைக் கடன் கொடுத்தவர் அனுபவத்தில் விடும் ஏற்பாடு. கடன் அடையும்வரை விளைச்சல் அவருக்கு. நிலத்தின் உரிமை பழையவருக்கே. ஒத்திக்கு விட்டவர் இவ்வாறு கூறுவார்.

(12) எனக்கு நெலம் இருக்கு, ஆனா இப்ப என்கிட்ட இல்ல, ஒத்திக்குப் போயிருக்கு.

ஒரே பொருளை ஒரே தொடரில் உண்டென்றும் இல்லையென்றும் கூறியும் இதில் முரண் இல்லை. இரு வாயில்களும் ஒரே பொருளைத் தருவனவாயின் (12) முரண்பட்ட கூற்றாகியிருக்கும். வாரத்துக்கு ஆடு வளர்ப்பவர் ‘என்கிட்ட நாப்பது ஆடு இருக்கு, எனக்குப் பத்துதான்’ என்று கூறுவதும் இவ்வகையினதே.

இவ்வேறுபாட்டைக் கருதாமல் வினாத்தாள் அமைத்தால் நேரும் பிழையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓர் ஊரில் முதலாமவருக்கு 6 ஏக்கர் கரிசல் உரிமை; அதில் 4 ஏக்கரை இரண்டாமவருக்குக் குத்தகைக்கு விட்டு, 2 ஏக்கரைத் தாமே பயிரிடுகிறார். இரண்டாமவருக்குச் சொந்த நிலம் இல்லை. ‘உங்களுக்கு எவ்வளவு நிலம் உண்டு?’ என்று இருவரையும் கேட்டால் விடை 6, 0. ‘உங்களிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது?’ என்பதைக் கையாட்சிப் பொருளில் இருவரும் கொண்டால் விடை 2, 4. இரண்டிலும் கூட்டுத்தொகை 6. ஆனால் எழுத்து வழக்கில் ‘தங்களிடம் உள்ள நிலம்’ என்பது மரியாதையான பொதுத் தொடராக உரிமையையும் சேர்த்துக் குறிக்க எழுதப்படுவதுண்டு. அதைப் படித்த முதலாமவர் பட்டாவை நினைத்து 6 என்றும், பேச்சு வழக்கில் கேட்டுக்கொண்ட இரண்டாமவர் தாம் உழுவதை நினைத்து 4 என்றும் கூறினால் கூட்டுத்தொகை 10 ஆகும். தரையில் உள்ளதோ 6 ஏக்கர் மட்டுமே. இருவரில் யாரும் பொய் கூறவில்லை; பிழை வினாவில் உள்ளது.

மாறாக ‘உங்களுக்கு நிலம் உண்டா?’ என்று மட்டும் கேட்டால் இரண்டாமவர் ‘இல்லை’ என்பார். மழை பொய்த்துப் பயிர் கருகியபோது இழப்பு நேர்ந்தது அவருக்கே. விதையும் உரமும் உழவுக்கூலியும் அவர் செலவு. ஆனால் அவ்வொரு விடையால் அவர் நிலமற்றவர் நிரலில் சேர்ந்துவிடுவார். பயிர் இழந்தவர் நிரலில் அவர் பெயர் இராது.

நிர்வாகம் இவ்வேறுபாட்டை அறியாததன்று. இந்திய வேளாண்மைக் கணக்கெடுப்பு, பட்டா யார் பெயரில் உள்ளது என்பதைக் கருதாமல், ஒருவர் தனித்தோ பிறரோடு சேர்ந்தோ பயிரிடும் நிலத்தையே அலகாகக் கொள்கிறது. ஊர்க் கணக்குகளிலும் பட்டா உரிமையையும், அடங்கல் பயிரையும் பதிகின்றன. இலக்கணத்தின் சொற்களில் கூறினால் பட்டா ‘எனக்கு’ என்பதன் ஆவணம். அடங்கல் ‘என்கிட்ட’ என்பதற்கு நெருங்கிய ஆவணம். களத்தில் கேட்கப்படும் தமிழ் வினா இவற்றுள் எதை நாடுகிறது என்பது வினாவின் உருபிலேயே தெளிவாக வேண்டும். ‘உங்களுக்குச் சொந்தமாக எவ்வளவு நிலம்?’, ‘இந்தப் பருவத்தில் நீங்கள் எவ்வளவு நிலத்தில் வெள்ளாமை செய்தீர்கள்?’ என இரு வினாக்களாகப் பிரிப்பதே பிழையற்ற வழி. இரண்டாவது வினாவில் உடைமைத் தொடரே இல்லாமையால் பொருள் மயக்கத்துக்கு இடமில்லை.

7. ‘வச்சிருக்கேன்’: உருவாகிவரும் மூன்றாம் வாயில்

(13) அவரு பஜார்ல ஒரு கடை வச்சிருக்காரு.

இத்தொடரில் உடையவர் எழுவாயாக நிற்கிறார், வினை அவரோடு இயைகிறது, கடை செயப்படுபொருள். உடைமை வினை உள்ள மொழிகளின் அமைப்பை இது நெருங்குகிறது. பற்றுதல், பிடித்தல், வைத்தல் என்னும் பொருளுடைய வினைகள் நாளடைவில் உடைமை வினையாவது பல மொழிகளில் காணப்படும் மாற்றமே. ஆயினும் தமிழில் இம்மாற்றம் முற்றுப்பெறவில்லை. ‘வை’ வினையின் பேணுதல், நடத்துதல் என்னும் பொருள் இன்னும் உயிருடன் உள்ளது. ‘காய்ச்சல் வச்சிருக்கேன்’ என்பது ஏலாது. ‘மூணு பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கேன்’ என்பது ஏற்கும். ஆனால் அது பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூறுவதைவிட அவர்களைக் கரைசேர்க்க வேண்டிய பொறுப்பையே மிகுதியும் கூறுகிறது. எண்ணிக்கை மட்டும் கேட்டவருக்கு ‘எனக்கு மூணு பொம்பளப் பிள்ளைக’ என்பதே விடை. எனவே இவ்வாயிலை உடைமை வினை என்று கொள்ளாமல், கையாட்சியைச் செயலாகக் கூறும் தொடர் என்று கொள்வதே இன்றைய நிலையில் பொருந்தும்.

8. எல்லைகள்

எல்லாப் பெயர்களும் இப்பகுப்பில் ஒரே அளவுக்குத் தெளிவாக அடங்குவதில்லை. திறமை, அதிகாரம் போன்ற பண்புப் பெயர்கள் இரு வாயில்களையும் எளிதில் ஏற்கின்றன. ‘அவருக்கு அதிகாரம் இருக்கு’ என்பது அவர் பதவிக்குரிய தகுதியையும், ‘அவருகிட்ட அதிகாரம் இருக்கு’ என்பது அவர் கையில் அது செயல்படுவதையும் உணர்த்துகின்றன எனலாமாயினும், பேச்சில் ஒன்று மற்றொன்றின் இடத்தில் வருவதும் உண்டு. கைபேசி, மிதிவண்டி போன்ற கைப்பொருள்களில் ‘என்கிட்ட’ என்பதே உரிமையையும் சேர்த்து உணர்த்திவிடுகிறது. அவை வழக்கமாக உரியவர் கையிலேயே இருப்பதால் இரண்டையும் பிரித்துக் கூறும் தேவை அருகியே எழுகிறது. நிலம், வீடு, நகை, கால்நடை போல அடகுக்கும் குத்தகைக்கும் செல்லும் பொருள்களிலேயே வேறுபாடு கூர்மையாக உள்ளது.

9. முடிவுரை

தமிழின் இரு உடைமைத் தொடர்களைப் பிரிப்பது கால அளவு அன்று. நான்காம் வேற்றுமை பிணைப்பையும், இடப்பொருள் கையாட்சியையும் கூறுகின்றன. தரகர், ஆசிரியர், குத்தகைதாரர் ஆகியோரின் கூற்றுகளும், சுட்டுச் சோதனையும், உறுப்புச் சோதனையும் இதனை உறுதிப்படுத்துகின்றன. ‘வச்சிருக்கேன்’ என்னும் தொடர் உடைமை வினையாக மாறும் வழியில் இருப்பினும் பேணுதல் பொருளைக் கைவிடவில்லை. ஒத்திக்கு நிலத்தை விட்ட உழவர் (12)ஆம் தொடரில் தயக்கமின்றிப் பிரித்துக் கூறும் இரண்டையும், அவரிடம் கேட்கப்படும் வினாத்தாளும் பிரித்தே கேட்க வேண்டும். தெலுங்கு, தமிழ் ஆகிய இரண்டையும் வழங்கும் இவ்வட்டாரக் குடும்பங்களில் ‘தக்கர’, ‘கிட்ட’ ஆகியவற்றின் பயன்பாட்டு எல்லைகள் முற்றிலும் ஒத்துள்ளனவா என்பது தனித்து ஆராயத்தக்கது.